ஐ.டி. ஃபேன் 1100 ஆர்.பி.எம்.மில் நிற்கிறதா? மோட்டாரின் டார்க் வளைவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் சாயப்பட்டறை பாய்லரின் ஐ.டி. ஃபேனுக்கு 45 கிலோவாட், 4 போல், 1475 ஆர்.பி.எம். மோட்டார். நேரடி கப்ளிங், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். காலையில் பாய்லர் ஆறியிருக்கும்போது போட்டால் ஸ்டாரில் 1100 ஆர்.பி.எம். வரை ஏறி அங்கேயே நிற்கிறது. அம்மீட்டர் 130 ஆம்பியரில் அசையாமல் இருக்கிறது, மோட்டார் முனையில் 390 வோல்ட். 30 நொடி டைமர் முடிந்து டெல்டாவுக்கு மாறியதும் பிரேக்கர் விழுகிறது. கேட்டலாக்கில் ஸ்டார்ட்டிங் டார்க் 2.2, புல்-அப் 1.8, பிரேக்டவுன் 2.7 மடங்கு என்று இருக்கிறது. ஃபேன் ஷீட்டில் 160 டிகிரியில் 38 கிலோவாட், GD² 80 என்று இருக்கிறது. 2.7 மடங்கு டார்க் உள்ள மோட்டார் ஏன் ஏறவில்லை? 55 கிலோவாட்டுக்கு மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பதில்:

மாற்ற வேண்டாம். மோட்டார் சிறிதாகிவிடவில்லை. நீங்கள் கேட்டலாக்கில் பார்த்த மூன்று எண்களும் டெல்டாவில், முழு வோல்டேஜில் கிடைப்பவை. ஸ்டாரில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே நேரம், ஃபேன் ஷீட்டில் இருக்கும் 38 கிலோவாட் சூடான புகைக்கான கணக்கு. காலையில் உங்கள் ஃபேன் இழுப்பது குளிர்ந்த காற்றை, அதற்கு அதைவிட நிறையவே வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்துதான் 1100-இல் நிறுத்துகிறது. டேம்பரை முழுக்க மூடிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 55 கிலோவாட் போட்டாலும் இதே இடத்துக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

முதலில் மோட்டாரின் முழுச்சுமை டார்க். அதற்கான கணக்கு இதுதான்:

```
T = 9550 × kW / rpm
  = 9550 × 45 / 1475
  = 291 Nm
```

கேட்டலாக்கில் வரும் மடங்கு எல்லாம் இந்த 291 நியூட்டன் மீட்டருக்கான மடங்கு. நின்ற நிலையில் 2.2 மடங்கு. வேகம் ஏற ஆரம்பித்ததும் டார்க் கொஞ்சம் இறங்கி 1.8-க்கு வருகிறது, அந்தப் பள்ளத்தின் அடிதான் புல்-அப் டார்க். பிறகு மெதுவாக ஏறி, 1350 ஆர்.பி.எம். பக்கத்தில் 2.7 என்ற உச்சியைத் தொடுகிறது, அது பிரேக்டவுன் டார்க். அந்த உச்சியைத் தாண்டியதும் வளைவு செங்குத்தாகக் கீழே விழுந்து 1500-இல் பூஜ்யமாகிறது. மோட்டார் இயல்பாக ஓடுவது இந்தச் சரிவில்தான், 1475-இல்.

நின்ற நிலையில் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கிற மோட்டார் ஏன் 2.2 மடங்கு டார்க் மட்டும் தருகிறது என்று கேட்கலாம். நிற்கும்போது ரோட்டாரில் ஓடும் கரண்டின் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ். அந்த ஃப்ரீக்வென்சியில் ரோட்டாரின் ரியாக்டன்ஸ் அதன் ரெசிஸ்டன்ஸைவிடப் பல மடங்கு அதிகம். கரண்ட் நிறைய ஓடினாலும் காந்தப்புலத்துக்கு ரொம்பப் பின்தங்கி ஓடுகிறது, அதில் டார்க் ஆக மாறுவது சிறு பங்குதான். வேகம் ஏற ஏற ஸ்லிப் குறைகிறது, ரோட்டார் ஃப்ரீக்வென்சி குறைகிறது, ரியாக்டன்ஸும் குறைகிறது. ரியாக்டன்ஸும் ரெசிஸ்டன்ஸும் கிட்டத்தட்டச் சமமாகும் இடத்தில் டார்க் உச்சத்தைத் தொடுகிறது. ரோட்டார் ரெசிஸ்டன்ஸை மாற்றினால் உச்சி எந்த வேகத்தில் வருகிறது என்பது மாறும், உச்சியின் உயரம் மாறாது. உயரத்தை மாற்றுவது வோல்டேஜ், அதுவும் வர்க்கமாக.

பாடப்புத்தகத்தில் வரும் எளிய சமன்பாட்டை வைத்து வரைந்தால் அந்த 1.8 பள்ளம் வராது, வளைவு நழுவாமல் மேலேறும். நிஜ மோட்டாரில் இரண்டு காரணங்களால் பள்ளம் விழுகிறது. ஒன்று, ரோட்டார் பார்கள் ஆழமாக இருப்பதால் 50 ஹெர்ட்ஸில் கரண்ட் பாரின் மேல்புறத்தில் நெருங்கி ஓடி, ரெசிஸ்டன்ஸ் கூடுகிறது. அதனால் நின்ற நிலையில் டார்க் நன்றாக வருகிறது, வேகம் ஏறும்போது அந்தச் சலுகை கரைகிறது. இன்னொன்று, ஸ்லாட்டுகளால் உண்டாகும் ஹார்மோனிக் புலங்கள். ஏழாவது ஹார்மோனிக் மெயின் புலத்தின் திசையிலேயே, ஏழில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும். 4 போல் மோட்டாருக்கு அது 214 ஆர்.பி.எம். அந்த வேகத்தைத் தாண்டியதும் அது பிரேக் போல இழுக்கும். அதனால்தான் பள்ளம் குறைந்த வேகத்தில் வருகிறது. இந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு மோட்டார் தவழ்வதும் உண்டு, ஆனால் உங்கள் சிக்கல் அதுவல்ல. 1100 என்பது பள்ளத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த இடம்.

சரி, இப்போது ஸ்டார். ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது லைன் வோல்டேஜை 1.732-ஆல் வகுத்த அளவு. டார்க் வோல்டேஜின் வர்க்கமாகப் போவதால் மூன்றில் ஒரு பங்காகிறது. 2.2 என்பது 0.73 ஆகும், 1.8 என்பது 0.6, 2.7 என்பது 0.9. அதாவது ஸ்டாரில் உங்கள் மோட்டாரின் உச்சபட்ச டார்க்கே முழுச்சுமை டார்க்கைத் தொடாது. இதில் 390 வோல்ட்டையும் சேருங்கள். 390-ஐ 415-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.88. உச்சி 0.8-க்கு வந்துவிட்டது. கேட்டலாக்கின் பிரேக்டவுன் டார்க்குக்கு ஐ.இ.சி. 60034-1 கழித்தலில் 10 சதவீதமும், ஸ்டார்ட்டிங், புல்-அப் டார்க்குகளுக்குக் கழித்தலில் 15 சதவீதமும் வித்தியாசத்தை அனுமதிக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். மோட்டார் கொஞ்சம் கீழ்ப்பக்கம் அமைந்துவிட்டால் இதைவிடவும் குறையும்.

அடுத்து ஃபேன் பக்கம். சென்ட்ரிஃபியூகல் ஃபேனுக்கு வேண்டிய டார்க் வேகத்தின் வர்க்கமாகவும், பவர் கனமாகவும் போகும். பாதி வேகத்தில் கால்பங்கு டார்க் போதும். அதனால் கிளம்பும்போது ஃபேன் ஒரு சுலபமான லோடு, பேரிங் உராய்வைத் தவிர வேறு பிடிப்பு இல்லை. தொல்லை எல்லாம் வேகத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான்.

எந்தக் காற்றை நகர்த்துகிறோம் என்பது இங்கே முக்கியம். ஃபேன் கனஅளவை நகர்த்தும் இயந்திரம், வேண்டிய பவர் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. 160 டிகிரி புகையின் அடர்த்தியோடு 30 டிகிரி காற்றை ஒப்பிட, இரண்டிலும் 273-ஐக் கூட்டி வகுக்க வேண்டும். 433-ஐ 303-ஆல் வகுத்தால் 1.43. உங்கள் ஷீட்டிலுள்ள 38 கிலோவாட், அதே டேம்பர் நிலையில், குளிர்ந்த காற்றில் 54 கிலோவாட் ஆகிவிடும். டார்க்காக எழுதினால் முழு வேகத்தில் 352 நியூட்டன் மீட்டர், அதாவது மோட்டாரின் முழுச்சுமையைப் போல் 1.2 மடங்கு. ஐ.டி. ஃபேனுக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும்போது பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ஷீட்டில் சூடான நிலையின் கிலோவாட் பெரிய எழுத்தில் இருக்கும், குளிர்ந்த நிலையின் கிலோவாட் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இரண்டு வளைவுகளையும் பக்கத்தில் வைப்போம். மோட்டாரின் எண்கள் ஸ்டாரில், 390 வோல்ட்டில். நடு வேகங்களுக்கு இந்த மாதிரி மோட்டார்களின் வளைவு வழக்கமாக இருக்கும் விதத்தை எடுத்திருக்கிறேன், உங்கள் மோட்டாரின் சரியான வளைவை உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்கி இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

```
rpm     மோட்டார் Nm    ஃபேன் Nm (குளிர், டேம்பர் திறந்து)
 300        154            15
 700        167            79
1000        184           162
1100        193           196
1200        210           233
1350        231           295
```

1100-க்கு ஒரு நூல் முன்பே இரண்டும் சமமாகிவிட்டன. அதற்கு மேல் ஏற மோட்டாரிடம் மிச்சம் இல்லை. டேக்கோமீட்டர் உங்களுக்குக் காட்டிய எண்ணும் இதுதான். 30 நொடிக்குப் பதில் 60 நொடி டைமர் வைத்தாலும் அது 1100-இலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அது ஏன் அங்கே தடுமாறாமல் அவ்வளவு நிதானமாக நிற்கிறது என்பதும் வளைவில் தெரியும். பிரேக்டவுன் உச்சிக்கு இடதுபுறம் இருந்தால் மோட்டார் நிலைகுலைந்து நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கன்வேயர், ஹாய்ஸ்ட் போல வேகம் எதுவானாலும் ஒரே டார்க் கேட்கும் லோடுக்கு அது உண்மை. ஃபேனுக்கு அப்படி இல்லை. 1000-லிருந்து 1200-க்குப் போகும்போது மோட்டாரின் டார்க் 26 நியூட்டன் மீட்டர் கூடுகிறது, ஃபேன் கேட்பது 71 கூடுகிறது. வேகம் சற்றுக் கூடினால் ஃபேன் இழுத்துப் பிடிக்கும், சற்றுக் குறைந்தால் மோட்டார் முந்தும். ஆக, அது உறுதியான ஓடுநிலை, ஆனால் ஓடக் கூடாத ஓடுநிலை. வீட்டு சீலிங் ஃபேனில் ரெகுலேட்டர் வோல்டேஜைக் குறைத்தே வேகத்தைக் குறைப்பது இதே தன்மையை வைத்துத்தான். அந்தச் சின்ன மோட்டாரை அதற்கென்றே அதிக ரோட்டார் ரெசிஸ்டன்ஸோடு செய்கிறார்கள், இழப்பும் சில வாட்டுகளோடு போய்விடும். 45 கிலோவாட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு. ரோட்டாரில் வெப்பமாகும் பவர் என்பது மோட்டாரின் டார்க்கை ஸ்லிப் வேகத்தால் பெருக்கிய அளவு. 1500-க்கும் 1100-க்கும் இடையே 400 ஆர்.பி.எம்., அதாவது வினாடிக்கு 42 ரேடியன். 193-ஐ அதனால் பெருக்கினால் 8 கிலோவாட். முழுச்சுமையில் இயல்பாக ஓடும்போது இதே ரோட்டாரில் இழப்பு முக்கால் கிலோவாட்தான். பத்து மடங்கு வெப்பம், அதுவும் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி முழு வேகத்தில் சுற்றாத நேரத்தில். 30 நொடியில் அது 240 கிலோஜூல். பிரேக்கர் விழுந்ததும் ரீசெட் செய்து உடனே மறுபடி போடுவது வழக்கமாக இருந்தால், அதை இன்றோடு நிறுத்துங்கள். ஓவர்லோடு ரிலே ஸ்டேட்டர் கரண்டை மட்டுமே பார்க்கிறது. ரோட்டார் பார் எவ்வளவு சூடாகிறது என்பது அதற்குத் தெரியாது.

பிரேக்கர் விழுவதற்கும் காரணம் இதே 1100தான். மோட்டாரின் கரண்ட், டார்க்கைப் போல் வளைந்து நெளியாது. நின்ற நிலையிலிருந்து 75, 80 சதவீத வேகம் வரை ஏறக்குறைய அப்படியே இருந்து, பிரேக்டவுன் பக்கம் நெருங்கும்போதுதான் சட்டென்று விழும். 1100-இல் டெல்டாவில் உங்கள் மோட்டார் இழுக்கும் கரண்ட் முழுச்சுமை கரண்டைப் போல் ஐந்தரை மடங்கு, 78 ஆம்பியர் மோட்டாருக்கு 420 ஆம்பியரைத் தாண்டும். ஸ்டாரில் அதில் மூன்றில் ஒரு பங்கு, வோல்டேஜ் குறைவையும் சேர்த்தால் நீங்கள் பார்த்த 130 வருகிறது. டைமர் மாற்றும் கணத்தில் மோட்டார் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு லைனிலிருந்து விடுபட்டு மறுபடி இணைகிறது. அந்த இடைவெளியில் ரோட்டாரில் எஞ்சிய காந்தப்புலம் லைனோடு ஒத்திசைவு இழந்திருக்கும், அதனால் 420-க்கு மேல் ஒரு கூர்மையான துள்ளல் வரும். சில கணங்களே நீடித்தாலும் எம்.சி.சி.பி.யின் மேக்னெட்டிக் ட்ரிப்புக்கு அது போதும். ட்ரிப் செட்டிங்கை ஏற்றி வைத்தால் பிரேக்கர் தாங்கிவிடும்தான், ஆனால் நேரடியாக டெல்டாவில் போட்டிருந்தால் வந்திருக்கும் அதிர்ச்சிக்குச் சமமான ஒன்று, சில நேரம் அதைவிட மோசமான ஒன்று, கப்ளிங்குக்கும் கேபிளுக்கும் தினமும் போகும். ஸ்டார்-டெல்டா போட்டதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஆகவே மாற்றும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அம்மீட்டரை வைத்து முடிவு செய்யுங்கள். ஸ்டாரில் ஊசி 130, 140-இல் நின்று, பிறகு வேகமாக இறங்கி 50-க்குக் கீழே அமர்ந்தால் மோட்டார் உச்சியைத் தாண்டிவிட்டது என்று பொருள். மாற்ற வேண்டிய கணம் அது. ஊசி இறங்கவே இல்லை என்றால் மோட்டார் உச்சிக்கு இடப்புறம் மாட்டிக்கொண்டிருக்கிறது, மாற்றினால் துள்ளும்.

இப்போது டேம்பர். சென்ட்ரிஃபியூகல் ஃபேனில் காற்றோட்டத்தை அடைத்தால் வேண்டிய பவர் குறையும். பிளேடு வடிவத்தைப் பொறுத்து, முழுக்க அடைத்த நிலையில் திறந்த நிலையின் பாதி, சிலவற்றில் அதற்கும் கீழே வரும். 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காற்றிலும் முழு வேகத்தில் 158 நியூட்டன் மீட்டர்தான். 1350-இல் ஃபேன் கேட்பது 132, மோட்டாரிடம் இருப்பது 231. தாராளமாக உச்சியைத் தாண்டி 1440-க்கு மேல் போய் அமரும். ஒரு எச்சரிக்கை, இது சென்ட்ரிஃபியூகல் ஃபேனுக்கு மட்டும். ஆக்ஸியல் ஃபேனில் டேம்பரை மூடினால் பவர் கூடுவதே வழக்கம், அதைத் திறந்து வைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

டேம்பர் மூடினால் மேலே போகும் என்பது உறுதி. எவ்வளவு நேரத்தில் போகும் என்பதற்கு ஃபேனின் GD² வேண்டும். இங்கே ஒரு வலை இருக்கிறது. நம்மூர் ஃபேன் ஷீட்டுகளில் வரும் GD² என்பது இனெர்ஷியாவின் நான்கு மடங்கு. உங்கள் 80-ஐ நான்கால் வகுத்தால் 20 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். மோட்டார் ரோட்டாருக்கு அரை சேர்த்து 20.5 என்று வைப்போம். வகுக்காமல் 80-ஐ அப்படியே போட்டால் நேரம் ஏறத்தாழ நாலு மடங்காகக் காட்டும், தேவையில்லாத பயம் வரும். எதிர்ப்பக்கம், J என்று எழுதியதை GD² என்று நினைத்து வகுத்துவிட்டால் ரோட்டார் வெந்த பிறகுதான் தெரியும்.

```
t = J × ω / (T_motor − T_load)
  = 20.5 × 151 / (180 − 53)
  ≈ 24 s
```

151 என்பது 1440 ஆர்.பி.எம்., ரேடியனில். 180 என்பது ஸ்டாரில், 390 வோல்ட்டில் மோட்டாரின் சராசரி டார்க். 53 என்பது டேம்பர் மூடிய ஃபேனின் சராசரி, வர்க்கமாக ஏறும் லோடுக்கு முழு வேக டார்க்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் போதும். ஆகவே உங்கள் 30 நொடி டைமர் டேம்பர் மூடிய நிலைக்குச் சரியான அமைப்பு. டேம்பர் மூடியிருந்தும் டைமர் 10 நொடியில் இருந்தால் அதே துள்ளல்தான் வரும், ஏனென்றால் மோட்டார் பாதி வழியில் இருக்கும்போதே மாற்றிவிடும். இந்த இரண்டு கோளாறுகளையும் பிரித்தறிவது எளிது. டைமர் குறைவாக இருந்தால் மாறும் கணத்திலும் டேக்கோமீட்டர் ஏறிக்கொண்டே இருக்கும். உங்களுடையதைப் போல் டார்க் போதாமல் இருந்தால் டேக்கோமீட்டர் நின்றுவிட்டிருக்கும்.

இதே இனெர்ஷியாவை வைத்து இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஃபேனை நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுபோகும்போது, அதில் சேரும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு வெப்பம் ரோட்டாரிலும் சேரும். உங்களுக்கு அது ஏறக்குறைய 250 கிலோஜூல். இதைக் குறைந்தபட்சம் என்று கொள்ளுங்கள், ஏறும்போது ஃபேன் கேட்கும் டார்க்கையும் சேர்த்தால் டேம்பர் மூடிய ஸ்டாரில் 350-ஐத் தாண்டும். ஸ்டார்-டெல்டா போட்டாலும் நேரடியாகப் போட்டாலும் அந்த 250 தப்பாது. ஐ.இ.சி. 60034-12 தரத்தில், 45 கிலோவாட் 4 போல் சாதாரண மோட்டார் நேரடி ஸ்டார்ட்டில் கிளப்பித் தீர வேண்டிய வெளி இனெர்ஷியா 7 கிலோகிராம் மீட்டர் வர்க்கத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்த அளவுக்குத்தான், குளிர்ந்த நிலையில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டார்ட், அல்லது சூடான நிலையில் ஒன்று என்ற உறுதி. உங்கள் ஃபேனில் 20 இருக்கிறது, மூன்று மடங்கு. மோட்டார் வாங்கியபோது ஃபேனின் இனெர்ஷியாவைச் சொல்லி வாங்கினீர்களா என்று பழைய ஆர்டரைப் பாருங்கள். சொல்லாமல் வாங்கியிருந்தால் உற்பத்தியாளரிடம் 20 என்று சொல்லி, எத்தனை ஸ்டார்ட் அனுமதி, இடையில் எவ்வளவு ஆற விட வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இந்த மோட்டாரில் கிலோவாட்டைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிக கவலை காட்டுவேன்.

55 கிலோவாட் யோசனைக்கு வருவோம். அதே 2.7 மடங்கு உள்ள 55 கிலோவாட் மோட்டாரின் முழுச்சுமை டார்க் 356. ஸ்டாரில், 390 வோல்ட்டில் அதன் உச்சி 283. டேம்பர் திறந்த குளிர்ந்த ஃபேன் 1350-இல் கேட்பது 295. ஆக, புது மோட்டார் 1100-க்குப் பதிலாக 1300 சொச்சத்தில் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுப்பதால் முனை வோல்டேஜ் 390-க்கும் கீழே போகலாம், அப்போது அதுவும் கிடைக்காது. வோல்டேஜை மட்டும் சரிசெய்து 415 கொண்டுவந்தாலும் இப்போதுள்ள மோட்டார் டேம்பர் திறந்த நிலையில் 1240 பக்கம் நின்றுவிடும். கேபிள் அளவைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் மருந்தாகாது.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடலாமா என்றும் அடுத்து யாராவது சொல்வார்கள். ஒரே லைன் கரண்டில் பார்த்தால் அது ஸ்டார்-டெல்டாவைவிடக் குறைந்த டார்க்தான் தரும். ஸ்டாரில் லைன் கரண்டும் டார்க்கும் இரண்டுமே மூன்றில் ஒன்றாகின்றன. சாஃப்ட் ஸ்டார்ட்டரில் லைன் கரண்டை மூன்றில் ஒன்றாக்கினால் வோல்டேஜும் மூன்றில் ஒன்று, டார்க் ஒன்பதில் ஒன்று. அதன் பலன் வேறு, கரண்ட் லிமிட்டை விருப்பப்படி ஏற்றலாம், மாற்றும் கணத்துத் துள்ளல் இல்லை. லிமிட்டைக் குறைவாக வைத்துவிட்டு ஃபேன் ஏறவில்லை என்று குறை சொல்லக் கூடாது.

செலவு செய்வதானால் வி.எஃப்.டி.க்குச் செய்யுங்கள். அதில் ஃப்ரீக்வென்சியே சிறிதிலிருந்து ஏறுவதால் மோட்டார் எப்போதும் உச்சிக்கு வலப்புறச் சரிவிலேயே இருக்கும், பள்ளம், உச்சி, துள்ளல் எதையும் கடக்க வேண்டியதில்லை. ரோட்டாரில் சேரும் வெப்பமும் மிகவும் குறைவு, இனெர்ஷியா கவலையும் தீர்ந்தது. குளிர்ந்த காற்றில் மோட்டாரை அதன் முழுச்சுமை டார்க்கான 291-க்குள் வைக்க, வேகத்தை 91 சதவீதத்தில், அதாவது 1340 ஆர்.பி.எம். பக்கம் நிறுத்தினால் போதும், வர்க்கமாகக் குறைவதன் பலன் அது. புகை சூடானதும் மேலே விடலாம். பிறகு நாள் முழுக்க டேம்பரில் அடைத்து வீணாக்கும் பவரும் மிச்சமாகும்.

புல்-அப் டார்க்கையும் குறிப்பிட்டிருந்தீர்கள். மேலே உள்ள பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள், 300 ஆர்.பி.எம்.மில் மோட்டாரிடம் 154, ஃபேன் கேட்பது 15. ஃபேனும் சென்ட்ரிஃபியூகல் பம்பும் புல்-அப்பில் மாட்டுவது அபூர்வம். ஐ.இ.சி. 60034-1 தரம், 100 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள சாதாரண மோட்டாருக்கு முழுச்சுமை டார்க்கில் பாதிக்கும், ஸ்டார்ட்டிங் டார்க்கில் பாதிக்கும் குறையாமல் புல்-அப் இருந்தாலே போதும் என்கிறது. அப்படிப்பட்ட மோட்டாரை ஸ்டாரில் போட்டால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஃபேனுக்கு அதுகூடப் போதும். அழுத்தத்தில் இருக்கும் ரூட்ஸ் ப்ளோயர், கம்ப்ரெஸ்ஸர், சரக்கு ஏற்றிய கன்வேயர் இவற்றுக்குத்தான் அந்த எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். அவை 200 ஆர்.பி.எம்.மிலும் முழு டார்க் கேட்கும். ஃபேனுக்குப் பார்க்க வேண்டியது உச்சிப் பக்கம், அதுவும் ஸ்டாரில் அது எவ்வளவு என்பதை.

நாளைக் காலையில் செய்யும் முறை. டேம்பரை முழுக்க மூடுங்கள், ஃபேன் நின்றிருப்பதை உறுதி செய்யுங்கள், ஸ்டாரில் போட்டு ஒருவர் டேக்கோமீட்டரையும் ஒருவர் அம்மீட்டரையும் பாருங்கள். 25 நொடி அளவில் ஊசி விழ வேண்டும், டெல்டாவுக்கு மாறும்போது சிறு அசைவு மட்டும் இருக்கும். டெல்டாவில் அமர்ந்த பிறகு டேம்பரை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். குளிர்ந்த காற்றில் முழுக்கத் திறந்தால் 54 கிலோவாட், கரண்ட் 90-ஐத் தாண்டும், ஓவர்லோடு ரிலே சரியாகவே ட்ரிப் ஆகும். ஊசி 75 ஆம்பியரைத் தாண்டாத அளவுக்குத் திறந்து நெருப்பு மூட்டுங்கள், புகை சூடாகச் சூடாகக் கரண்ட் தானே இறங்கும், அதற்கேற்ப இன்னும் திறந்துவிடுங்கள்.

டேம்பர் மூடியும் 1100 பக்கமே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டேம்பரையே. வெளியில் லீவர் மூடிய நிலையைக் காட்டும், உள்ளே ஷாஃப்டில் கீ அறுந்தோ, சூட்டில் பிளேடு வளைந்தோ பாதி திறந்திருக்கும். டக்டில் உள்ள ஆள்நுழை கதவைத் திறந்து பிளேடைக் கண்ணால் பாருங்கள். அது சரியாக இருந்தால், ஃபேன் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஸ்டாரில் போடுங்கள். ஒரு சில நொடியில் 1490-ஐத் தாண்டவில்லை என்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை, அல்லது ரோட்டார் பார் உடைந்திருக்கிறது, அல்லது ரீவைண்டிங்கின்போது ஏதோ ஒரு காயில் திருப்பி இணைக்கப்பட்டிருக்கிறது.